தேன்மொழி, டீனா, தேனு

ஜெர்மனியில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் எனக்கு டீனா என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர் எங்கள் குழுத் தலைவர், நல்ல மனிதர். என் பெயரை ஐந்து முறை சொல்லிப் பார்த்தார். ஐந்து முறையும் 'டென்மோட்சி' என்றுதான் வந்தது. பிறகு தயங்கியபடியே, "டீனா என்று கூப்பிடட்டுமா?" என்று கேட்டார். புது ஊர், புது வேலை. சரி என்று தலையாட்டிவிட்டேன். எட்டு மாதம் டீனாவாகவே இருந்தேன்.

இப்போது என் அக்கா மகள் எழிலரசி அங்கே வேலைக்குப் போகிறாள். "சித்தி, ஆபீசில் என்ன பெயர் சொல்லட்டும்?" என்று போன வாரம் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். இதே கேள்வியோடு விமானம் ஏறுகிறவர்கள் நம்மில் நிறைய பேர் இருக்கிறார்கள்.

டீனா என்ற பெயரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அது என் பெயரின் சுருக்கம் அல்ல, வேறொரு பெயர். அந்த வேறுபாடு எனக்குப் புரிய எட்டு மாதம் ஆனது. ஒரு முறை வாடிக்கையாளர் தொழிற்சாலைக்குச் சோதனைக்காகப் போனேன். டீனா என்று ஒருவர் வருவார் என வாயிலில் சொல்லி வைத்திருந்தார்கள். என் கையில் இருந்த பாஸ்போர்ட்டிலோ அப்படி ஒரு பெயரே கிடையாது. காவலர் தன் கடமையைத்தான் செய்தார். நான் முக்கால் மணி நேரம் வெளியே நின்றேன். அதைவிட மனதை வருத்தியது இன்னொன்று. நான் மூன்று வாரம் உழைத்து எழுதிய சோதனை அறிக்கை 'டீனாவின் அறிக்கை' என்று அலுவலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதைப் பற்றி ஐயம் கேட்க விரும்பிய வேறு பிரிவுக்காரர் ஊழியர் பட்டியலில் டீனாவைத் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை. வேலையை விட்டுப் போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டாராம். என் உழைப்புக்கும் என் பெயருக்கும் நடுவில் இருந்த கயிறு அறுந்து கிடந்தது.

பெயரைச் சுருக்குவதே தன்மானக் குறைவு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கோபத்தை மதிக்கிறேன், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. நம் வீடுகளில் யார் யாரை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? செந்தில்குமார் செந்தில்தான், அருள்மொழி அருள்தான். என்னை ஆச்சி கடைசி வரை தேனு என்றுதான் கூப்பிட்டார். கூப்பிடும் பெயர் என்பது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஜெர்மானியரிடமும் அது உண்டு. இரண்டு மூன்று பெயர் வைத்திருப்பவரை எந்தப் பெயரால் அழைக்கிறார்களோ அதை 'ரூஃப்நாம' என்பார்கள், அழைக்கும் பெயர் என்றே பொருள். எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தப் பெயர் எங்கிருந்து எடுக்கப்படுகிறது, எடுப்பது யார் என்ற இரண்டும்தான்.

தமிழ்ப் பெயரில் பெரும்பாலும் ஒரு மூட்டு இருக்கும். அந்த மூட்டில் பிரித்தால் இரண்டு பக்கமும் பொருள் மிஞ்சும். தேன் ஒரு பக்கம், மொழி ஒரு பக்கம். ஒன்பதாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, இந்த இரண்டையும் எழுதிப் பார்த்தேன்.

'மொழி' உடனே விழுந்துவிட்டது. காரணம் ழகரம். நாம் அதை zh என்று எழுதுகிறோம். ஜெர்மன் மொழியில் z என்றால் 'ட்ஸ்', அதனால்தான் 'மோட்சி'. ஆங்கிலேயர் அதே எழுத்தைப் பார்த்து 'மோஸி' என்பார்கள். ஈழத் தமிழர் பலர் ழகரத்துக்கு l போடுகிறார்கள். யாழினி அவர்களிடம் Yalini ஆகிறாள். வெளிநாட்டார் வாயில் வரும் ஒலி அப்போது நம்முடையதற்கு மிகவும் நெருங்கி வருகிறது. இந்தியப் பாஸ்போர்ட் எடுக்கும் முன்பே இது தெரிந்திருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அச்சான பிறகு அந்த எழுத்துக்கூட்டலை மாற்றப் போனால் சான்றிதழ் முதல் வங்கிக் கணக்கு வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

'தேன்' எளிதாகத் தெரிந்தது. ஆனால் Then என்று எழுதினால் ஆங்கிலத்தில் அது 'பிறகு'. எங்கள் அலுவலக மின்னஞ்சல் பாதி ஆங்கிலம். Hi Then, என்று தொடங்கும் கடிதத்தைப் பார்ப்பவர், எழுதியவர் ஏதோ பாதியில் விட்டுவிட்டார் என்றே நினைப்பார். தேடல் பெட்டியில் அந்த நான்கு எழுத்தைத் தட்டினால் உலகத்துக் கடிதமெல்லாம் வந்து நிற்கும். பெயர் போகிற நாட்டின் மொழியில் வேறு சொல்லாக இருக்கிறதா என்று பார்ப்பதை யாரும் தவிர்க்க வேண்டாம். சில சமயம் அது நல்லதாகவும் அமையும்: முத்து என்பவருடைய பெயரில் ஜெர்மானியர் காதுக்கு 'மூட்' கேட்கும், அது அவர்கள் மொழியில் துணிவு.

ஆகவே ஆச்சி கூப்பிட்ட தேனுவுக்கு வந்து சேர்ந்தேன். Thenu என்று எழுதினேன். ஜெர்மன் மொழியில் th வெறும் t தான், தோமஸ் என்ற பெயரில் இருப்பதுபோல. உயிரெழுத்துக்குப் பின்னால் ஒற்றை மெய் வந்து அதன் பின் இன்னோர் உயிர் வந்தால் முன்னது பெரும்பாலும் நெடிலாகும். ஆகவே Thenu என்பதைப் பார்த்த மாத்திரத்தில் அவர்கள் கிட்டத்தட்ட 'தேனு' என்றே படிக்கிறார்கள். தகரம் கொஞ்சம் டகரமாகும், அதை நான் பொருட்படுத்துவதில்லை. ஒரு துண்டுத் தாளில் எழுதி, என் பெயரை அதுவரை கேட்டிராத நான்கு பேரிடம் காட்டினேன். நாம் முதலில் சொல்லிக் கொடுத்துவிட்டுச் சோதித்தால் அது சோதனை ஆகாது. மூன்று ஜெர்மானியரும் சரியாகச் சொன்னார்கள். ஆங்கிலேயர் ஒருவர் மட்டும் 'தெனூ' என்றார். h-ஐ எடுத்துவிட்டால் அவருக்கும் எளிதாகியிருக்கும். Tenu என்றும் யோசித்தேன். ஆனால் Thenu என்னும் ஐந்து எழுத்தில் முதல் நான்கும் பாஸ்போர்ட்டில் இருக்கும் Thenmozhi-யின் முதல் நான்கு. பட்டியலில் தேடுபவர் அந்த நான்கைத் தட்டினாலே நான் வந்துவிடுவேன். டீனாவால் முடியாதது அதுதான்.

அடுத்து, எங்கே எந்தப் பெயர் என்பது. இதில் ஏமாந்தால் செலவும் அலைச்சலும் வரும். அலுவலக மென்பொருளில் விருப்பப் பெயருக்குத் தனிக் கட்டம் இருந்தால், அதில் சுருக்கப் பெயர். மின்னஞ்சலின் கீழே நான் Thenmozhi (Thenu) என்று இரண்டையும் சேர்த்தே போடுகிறேன். வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வரி, மருத்துவக் காப்பீடு, விசா, விமான டிக்கெட் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, ஓர் எழுத்துக்கூட மாறாமல்.

இவை எல்லாரும் ஊகிக்கக்கூடியவை. ஜெர்மனியில் ஊகிக்க முடியாதது தபால் பெட்டி. அங்கே அடுக்குமாடி வீடுகளின் முகவரியில் பொதுவாக வீட்டு எண் இருக்காது. தெரு, கட்டட எண், பெயர், அவ்வளவுதான். தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுகிறார். செல்லப் பெயரை ஒட்டி வைத்தால் வங்கி அட்டையின் ரகசிய எண்ணும் காப்பீட்டுக் கடிதமும் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். பெட்டியிலும் அழைப்பு மணியிலும் குடும்பப் பெயர்தான் இருக்க வேண்டும். நம்மில் பலருக்கு அது அப்பாவின் பெயர். மருத்துவமனையில் பெண்களை மரியாதையாக அழைக்கும் 'ஃப்ராவ்' என்ற சொல்லோடு என் அப்பாவின் பெயரைச் சேர்த்துக் கூப்பிடும்போது அவரே எழுந்து வருவார் என்று இன்றும் ஒரு கணம் தோன்றுகிறது.

வங்கியிலும் கவனம் வேண்டும். 2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாடுகளில் பணம் அனுப்பும்போது, பெறுபவரின் பெயரும் கணக்கு எண்ணும் பொருந்துகின்றனவா என்று வங்கி முதலில் சரிபார்க்கிறது. தோழி ஒருத்தி உணவுக் கணக்கைத் தீர்க்க 'தேனு'வுக்கு அனுப்பினால், பெயர் பொருந்தவில்லை என்று அவளுக்கு எச்சரிக்கை வரலாம். அவளிடம் முழுப் பெயரையும் கொடுத்து வைத்திருக்கிறேன்.

சுருக்கப் பெயரால் ஆள் கரைந்துபோவதில்லை என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று சந்திரசேகர். 1983-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற சுப்ரமணியன் சந்திரசேகர். சுப்ரமணியன் என்பது அவருடைய அப்பா பெயர். சிகாகோவில் அவரை எல்லாரும் சந்திரா என்றுதான் அழைத்தார்கள். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனான வெண்குறுமீன் தன் எடையைத் தாங்க முடியாமல் போகும் எல்லைக்கு உலகம் முழுக்கச் 'சந்திரசேகர் எல்லை' என்று முழுப் பெயரே நிற்கிறது. 1999-இல் நாசா விண்ணுக்கு அனுப்பிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கோ நண்பர்கள் கூப்பிட்ட பெயர், சந்திரா. இரண்டு பெயரையும் கேட்பவருக்கு ஆள் ஒருவரே என்று தெரிகிறது. ஏனென்றால் ஒன்று மற்றொன்றுக்குள் இருக்கிறது. அவருக்கு அங்கே சார்லி என்று பெயர் வைத்திருந்தால் இந்தத் தொடர்ச்சி கிடைத்திருக்காது.

வேற்றுப் பெயரை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களையும் அறிவேன். நாள் முழுக்கத் தொலைபேசியில் அந்நியரோடு பேசும் வேலையில், ஒன்பது எழுத்துப் பெயரை ஒவ்வொரு முறையும் எழுத்துக் கூட்டிச் சொல்வது உடம்பை உருக்கும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதைத் தாமே விரும்பி எடுத்திருக்க வேண்டும், நான் தலையாட்டியதுபோல அல்ல.

என் பெயரை மாற்றச் சொல்லிக் குழுத் தலைவரிடம் போனபோது அவர் முகம் வாடிவிட்டது. "நீ அப்போதே சொல்லியிருக்கலாமே" என்றார். நியாயமான பேச்சு. எட்டு மாதம் பழகிய நாக்குகள் தேனுவுக்கு மாற இன்னும் மூன்று மாதம் ஆனது. நடுவில் எத்தனையோ முறை டீனா என்று கூப்பிட்டுத் திருத்திக்கொண்டார்கள். முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தச் சிரமம் ஒருவருக்கும் இல்லை.

அதனால்தான் எழிலரசியிடம், சேருவதற்கு ஒரு வாரம் முன்பே எழுதிவிடு என்றேன். எழில் வேண்டாம், அங்கேயும் ழகரம். அரசி? ஜெர்மன் நாக்கில் சகரம் வண்டு ரீங்கரிப்பதுபோலக் கொஞ்சம் அதிரும், மற்றபடி பிழையில்லை. வீட்டில் தாத்தா அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார். நேற்று இரவு தன் குழுவுக்கு அனுப்பப்போகும் கடிதத்தை எனக்குக் காட்டினாள். முதல் வரியில் முழுப் பெயர் இருந்தது. அடுத்த வரி: "என்னை அரசி என்று கூப்பிடுங்கள். என் வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்."