ரொக்க டெபாசிட்டுக்கு ஒரே கடிதம் போதுமா?

"வங்கியில் எவ்வளவு ரொக்கம் போட்டாலும், 'என் சேமிப்பு, சொந்தக்காரர் கொடுத்தது' என்று ஒரு கடிதம் எழுதினால் போதும், வரி அலுவலகம் விட்டுவிடும்." - பரவி வரும் செய்தி

விடாது. பணத்தின் ஒவ்வொரு பகுதியும் எங்கிருந்து வந்தது என்று தனித்தனியாகக் கேட்பார்கள்.

ஒருவர் 10 லட்சம் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். வண்டி விற்று வந்த 3 லட்சத்துக்கு விற்பனை ஒப்பந்தமும் பெயர் மாற்றிய சான்றும் காட்டலாம். பழைய கணக்கிலிருந்து எடுத்த 5 லட்சத்துக்கு வங்கி அறிக்கை இருக்கிறது. ஆனால் எடுத்தது இரண்டு வருடம் முன்பு என்றால், இடையில் அது செலவாகவில்லையா என்ற கேள்வி வரும். தேதிகள் நெருக்கமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

சிக்கல் அண்ணன் கொடுத்த 2 லட்சத்தில்தான். அவர் கையெழுத்திட்ட கடிதம், கொடுத்தார் என்றுதான் சொல்லும். கொடுக்க அவரிடம் பணம் இருந்ததா? அதற்கு அவருடைய வங்கி அறிக்கையோ வரிக் கணக்கோ வேண்டும். அது இல்லையென்றால் அந்த 2 லட்சத்தை மட்டும் உங்கள் வருமானமாகக் கருதி வரி போடலாம், அபராதமும் சேரலாம்.

என்னென்ன ஆவணம், எந்தத் தேதிக்குள் என்பது உங்களுக்கு வந்த நோட்டீஸிலேயே இருக்கும். வரித்துறையின் அதிகாரப்பூர்வ தளத்திலும் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.