சராசரியை இழுத்துச் செல்லும் ஒற்றை எண்

பரவும் கூற்று: “சராசரி எல்லா எண்களையும் கணக்கில் எடுக்கிறது. அதனால் வழக்கமான மதிப்பைச் சொல்ல அதுதான் சரி.”

இது தவறு. ஓர் இணையப் பக்கம் ஒன்பது முறை திறக்க எடுத்த நேரம், மில்லிவிநாடிகளில்: 110, 115, 118, 120, 122, 125, 130, 135, 4110. கூட்டினால் 5085, சராசரி 565. ஆனால் 565-க்குப் பக்கத்தில்கூட ஒரு எண்ணும் இல்லை! எட்டு முறை 135-க்குள் திறந்துவிட்டது. எல்லா எண்களையும் சேர்ப்பதால்தான் அந்த ஒற்றை 4110 சராசரியை இழுத்துவிடுகிறது.

வரிசையின் நடுவில் நிற்கும் ஐந்தாவது எண்ணான 122 இடைநிலை அளவு. 4110 இரட்டிப்பானாலும் அது அசையாது. வழக்கமான நேரம் இதுதான். சரி, 4110-ஐ மறந்துவிடலாமா? கூடாது, அதைத் தனியாகச் சொல்லுங்கள். மொத்த நேரம் தேவையென்றால் சராசரி உதவும்: எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தம் கிடைக்கும், இடைநிலையில் கிடைக்காது. இரண்டும் வெகுவாக விலகியிருந்தால், மூல எண்களைப் பாருங்கள்.