ஸ்னாப்பேக்கைக் கோ விதி தடுக்காது

Go பலகை ஆட்டத்தில் ஒரு காயைப் பலி கொடுத்து, அதை எடுத்த எதிரிக் கூட்டத்தையே உடனே திருப்பி எடுப்பதுதான் ஸ்னாப்பேக். அதைப் பற்றிச் சிலர் சொல்வது இது:

"எதிரி ஒரு காயை எடுத்த இடத்தில் உடனே வைத்து நாம் திருப்பி எடுக்கக் கூடாது. அது கோ. அதனால் ஸ்னாப்பேக்குக்கும் முதலில் வேறு இடத்தில் ஆட வேண்டும்."

இல்லை. கோ விதி தடுப்பது முந்தைய பலகை நிலை அப்படியே திரும்புவதைத்தான். வெள்ளையின் 3 காய்களுக்கு அ, ஆ என்று அடுத்தடுத்த 2 லிபர்ட்டி, அதாவது ஒட்டியுள்ள காலி இடங்கள், மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அ-வில் விழும் கறுப்புக் காய்க்கு ஆ மட்டுமே லிபர்ட்டி. வெள்ளை ஆ-வில் வைத்து அதை எடுத்தால், இப்போது 4 காய்களுக்கும் மிச்சம் அ ஒன்றுதான். கறுப்பு மறுபடி அங்கேயே வைத்தால் 4 காயும் போகும். 1 போய் 4 வந்தால் பழைய நிலை எப்படித் திரும்பும்? திருப்பி எடுப்பதும் ஒரே காய் என்றால்தான் கோ.

ஆட்டத்தில் இதைப் பிடிக்க, 2 லிபர்ட்டி பக்கத்துப் பக்கத்தில் உள்ள கூட்டத்தைத் தேடுங்கள். அப்புறம், எதிரி நம் காயை எடுத்த பிறகு அந்தக் கூட்டத்துக்கு எத்தனை லிபர்ட்டி என்று எண்ணுங்கள். வேறொரு லிபர்ட்டி எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்னாப்பேக் இல்லை. நான் அவசரத்தில் தவறவிடுவது அதைத்தான்.

இப்படி எதிரி எடுக்கும்படி ஒரு காயை உள்ளே வைக்கும் த்ரோ-இன் என்றால் ஒரு காய் நஷ்டம் என்று சிலர் சொல்வது பாதி சரி. ஆனால் அதை எடுக்க எதிரி தன் லிபர்ட்டியையே அடைக்கிறார். யார் கூட்டம் முதலில் பிடிபடும் என்ற பிடிப்புப் பந்தயத்தில் அந்த விலை பெரும்பாலும் தகும்; ஆட்ட இறுதியின் எல்லைக் கணக்கில் எப்போது தகும் என்பது இடத்துக்கு இடம் மாறும்.