டீக்காசு என்று சொன்ன நண்பருக்கு

குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சித்தியின் கணக்கில் வங்கி மாதாமாதம் அபராதம் பிடித்ததைப் பற்றி நான் முந்தாநாள் எழுதியதையும், அதன் கீழே ஓய்வுபெற்ற வங்கி மேலாளரான நண்பர் ஒருவர் எழுதியதையும் நீங்கள் படித்திருப்பீர்கள். "மாதம் நூறு ரூபாய் டீக்காசுக்கு இவ்வளவு புலம்பலா? விதியைப் படிக்காமல் கணக்குத் தொடங்கினால் இப்படித்தான்" என்றார் அவர். அதற்கு எண்பது பேர் விருப்பக்குறி இட்டிருந்தார்கள். அவர்களில் என் உறவினர்கள் சிலரும் உண்டு என்பதைக் கவனித்தேன், நன்றி.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். சித்தி அந்தக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. குறைந்தபட்ச இருப்புக்குக் கீழே அவரைத் தள்ளியது வங்கி. தள்ளிய பிறகு, கீழே இருப்பதற்காக அபராதம் விதித்ததும் அதே வங்கி. எல்லாரும் தொகையைப் பற்றியே பேசுகிறார்கள், நான் வரிசையைப் பற்றிப் பேசுகிறேன்.

அந்தத் தனியார் வங்கிக் கிளையில் மாதச் சராசரி இருப்பு 5,000 ரூபாய் இருக்க வேண்டும். ஏப்ரல் முதல் தேதி சித்தியின் கணக்கில் இருந்தது 5,150 ரூபாய். 11-ஆம் தேதி, அவர் உறையைக்கூடப் பிரிக்காத ஏடிஎம் அட்டைக்கான ஆண்டுக் கட்டணமாக 200 ரூபாயும், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியாக 36 ரூபாயும் பிடிக்கப்பட்டன. இருப்பு 4,914 ஆனது.

சராசரி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை நண்பருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு நாளின் முடிவிலும் கணக்கில் இருக்கும் தொகையை எடுத்து, மாதம் முழுவதற்கும் கூட்டி, நாட்களின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். பத்து நாட்கள் 5,150 ரூபாயும் இருபது நாட்கள் 4,914 ரூபாயும் இருந்தால் கூட்டுத்தொகை 1,49,780. அதை முப்பதால் வகுத்தால் 4,992 ரூபாய் 67 காசு. குறைவு 7 ரூபாய் 33 காசு. இந்தக் குறைவுக்கு வங்கி விதித்த அபராதம் 100 ரூபாய், அதன்மேல் வரி 18 ரூபாய்.

ஏழு ரூபாய்க்கு நூற்றுப் பதினெட்டு எப்படி வந்தது என்று கேட்டேன். குறைவு, இருக்க வேண்டிய தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் 100 ரூபாய் என்பது அவர்களுடைய படிநிலையாம். அதாவது ஏழு ரூபாய் குறைந்தாலும் தொள்ளாயிரம் ரூபாய் குறைந்தாலும் ஒரே தண்டனை. ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் வெளியிட்டு, 2015 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சுற்றறிக்கை, அபராதம் குறைவின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்க வேண்டும், குறையும் தொகையில் ஒரு நிலையான சதவீதமாக இருக்க வேண்டும் என்கிறது. படிநிலை வைத்துக்கொள்ளலாம் என்றும் அதே பத்தியில் ஒரு வரி இருக்கிறது. முந்தைய வரியை மறந்துவிட்டு இந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டவர்கள் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குறைவில் ஆறு சதவீதம் என்று வசூலிக்கும் வங்கிகளும் உள்ளன. அந்தக் கணக்குப்படி சித்தி கட்ட வேண்டியிருந்த அபராதம் 44 காசு.

விதியைப் படிக்கச் சொன்னார் நண்பர். படித்தேன். அதே சுற்றறிக்கை, இருப்பு குறைந்தால் வங்கி முதலில் வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி, மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் தெரிவிக்க வேண்டும், அறிவித்த நாளிலிருந்து குறைந்தது ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும், அதன் பிறகும் இருப்பு சரிசெய்யப்படாவிட்டால்தான் அபராதம் பிடிக்கலாம் என்கிறது. சித்தியின் கைப்பேசியில் மே 3-ஆம் தேதி ஒரு குறுஞ்செய்தி இருக்கிறது. அது பணத்தைப் பிடித்துவிட்டோம் என்ற செய்தி. அதற்கு முன்பாக இருப்பு குறைந்தது பற்றி எந்தச் செய்தியும் இல்லை. தங்கக் கடன் வேண்டுமா என்று கேட்டு மட்டும் பல செய்திகள் வந்துள்ளன. கிளையில் கேட்டபோது, அந்த மே 3 செய்தியே அறிவிப்புதான் என்றார்கள். எடுத்த பிறகு எடுத்தோம் என்று சொல்வதற்குப் பெயர் அறிவிப்பு என்றால், முன்கூட்டிச் சொல்வதற்கு நாம் வேறு பெயர் தேட வேண்டும்.

வங்கியின் கணினிக்கு ஏப்ரல் 29-ஆம் தேதியே நிலவரம் தெரிந்திருக்கும். மறுநாள் ஒரே ஒரு நாள், 220 ரூபாய் கூடுதலாக இருந்திருந்தால் சராசரி சரியாகியிருக்கும். "நாளைக்குள் 220 ரூபாய் போடுங்கள்" என்று ஒரு வரி அனுப்பியிருக்கலாம். சித்தியின் வீட்டிலிருந்து கிளை நடந்துபோகும் தூரம்தான்.

அந்த 118 ரூபாயைப் பிடித்ததும் இருப்பு 4,796 ஆகியது. ஆகவே மே மாதச் சராசரி தானாகவே குறைந்தது. ஜூன் தொடக்கத்தில் மீண்டும் 118. இருப்பு 4,678. ஜூன் மாதமும் குறைந்தது, ஜூலையில் மீண்டும் 118. இடையில் ஜூன் இறுதியில் குறுஞ்செய்திக் கட்டணம் வரியுடன் 17 ரூபாய் 70 காசு. ஏப்ரலில் அட்டைக்குப் பிடித்த 236 உட்பட எல்லாம் சேர்த்து 607 ரூபாய் 70 காசு. இந்தக் காலாண்டுக்குச் சித்தியின் சேமிப்புக்கு வங்கி தந்த வட்டி 30 ரூபாய். இதற்குப் பெயர் சேமிப்புக் கணக்கு.

"குறுஞ்செய்திக்குச் செலவாகாதா?" என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். ஆகும். ஆனால் பயன்பாட்டுக்கு ஏற்றபடிதான் அந்தக் கட்டணம் வாங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லியிருக்கிறது. அந்தக் காலாண்டில் சித்தியின் கணக்கில் நடந்தது எல்லாமே வங்கி தானாகப் பிடித்தவை. தன்னிடமிருந்து பணம் எடுக்கப்படுவதைத் தெரிந்துகொள்வதற்குத்தான் அவர் 15 ரூபாய் கட்டியிருக்கிறார்; அப்படித் தெரிந்துகொண்டதற்கு 2 ரூபாய் 70 காசு வரியும் கட்டியிருக்கிறார். மோசடிப் பரிவர்த்தனைகளைத் தடுக்க எச்சரிக்கைச் செய்தி அனுப்புவதை 2017-இல் வங்கிகளுக்குக் கட்டாயமாக்கினார்கள். கடமை வங்கியுடையது, ரசீது மட்டும் நம் பெயரில் வருகிறது.

வரியைப் பற்றிப் பேசும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. அட்டைக்கு வரி என்றால் புரிகிறது, அது ஒரு சேவை. அபராதம் எந்த வகையில் சேவை? கடன் வாங்கியவர் நிபந்தனையை மீறியதற்காக வங்கி விதிக்கும் தண்டக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி மன்றம் பரிந்துரைத்தது. 2025 ஜனவரியில் அதற்கான சுற்றறிக்கையும் வந்தது. நல்ல முடிவு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் வங்கியிடம் பணம் வாங்கித் தவறியவருக்கு உள்ள சலுகை, வங்கியிடம் பணம் கொடுத்துவைத்துவிட்டு ஏழு ரூபாய் குறைந்துபோனவருக்கு ஏன் இல்லை? அவருடைய அபராதத்தின்மேல் மட்டும் 18 சதவீதம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நண்பரே, இதற்குப் பதில் எழுதுங்கள். டீயைப் பற்றிப் பிறகு பேசலாம்.

"வங்கி என்ன தர்மசத்திரமா, கணக்கைப் பராமரிக்கச் செலவில்லையா?" என்பது அடுத்த கேள்வி. சுருக்கமாகச் சொல்கிறேன். பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் இந்த அபராதத்தைக் கைவிட்டது. கனரா வங்கி 2025 ஜூனிலும், இந்தியன் வங்கியும் பஞ்சாப் நேஷனல் வங்கியும் ஜூலையிலும் கைவிட்டன. அவற்றின் கதவுகள் இன்றும் திறந்துதான் இருக்கின்றன.

"அப்படியானால் அங்கே போக வேண்டியதுதானே? இருப்பே தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கைத் தொடங்கியிருக்கலாமே?" என்றும் கேட்பீர்கள். இது நியாயமான கேள்வி; 2012 முதல் எல்லா வங்கிகளும் அந்தக் கணக்கைத் தர வேண்டும், அதற்கான அட்டைக்கு ஆண்டுக் கட்டணமும் கிடையாது. ஆனால் வாயைத் திறந்து கேட்டவருக்குத்தான் அது கிடைக்கிறது. அப்படி ஒன்று இருக்கிறது என்று அந்தக் கவுண்டரில் யாரும் சித்தியிடம் சொல்லவில்லை. தீப்பெட்டி ஆலையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தை வீட்டில் வைத்தால் செலவாகிவிடும் என்று கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தார்கள், போட்டார். விதியைப் படிக்காமல் கணக்குத் தொடங்கியவர் என்று நண்பர் சொன்னது இவரைத்தான்.

அப்பா இறந்த பிறகு நடந்ததையும் இங்கே சொல்லிவிடுகிறேன், இதுவரை எழுதியதில்லை. அவருடைய ஒரு கணக்கில் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் இருந்தது. துக்கத்தில் நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பிறகு போய்ப் பார்த்தபோது இருப்பு பூஜ்யம். இரண்டு ஆண்டுகள் வாடிக்கையாளர் பரிவர்த்தனை எதுவும் இல்லாத கணக்கைச் செயல்படாத கணக்காக வகைப்படுத்துகிறார்கள். அதன் பிறகு குறைந்தபட்ச இருப்புக்கான அபராதம் விதிக்கக் கூடாது. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே அபராதமும் அட்டைக் கட்டணமுமாகச் சேர்ந்து எல்லாவற்றையும் எடுத்து முடித்துவிட்டன. அபராதத்தால் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்பதும் விதி. அந்த விதியை மட்டும் மிகச் சரியாகப் பின்பற்றியிருந்தார்கள். இறந்துபோன ஒருவர் குறைந்தபட்ச இருப்பை எப்படிப் பராமரித்திருக்க வேண்டும் என்று அன்று நான் கேட்கவில்லை. அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

டீக்காசு. 2018-இலிருந்து குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்காகப் பொதுத்துறை வங்கிகளும் ஐந்து பெரிய தனியார் வங்கிகளும் வசூலித்த தொகை 21,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று 2023 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அரசே தெரிவித்தது. குறுஞ்செய்திக்கு வசூலித்தது தனியே 6,000 கோடிக்கு மேல். ஐயாயிரம் ரூபாய் வைத்திருக்க முடியாதவர்களிடம்தான் இந்த அபராதம் வசூலாகும்; ஐந்து லட்சம் வைத்திருப்பவருக்கு இப்படி ஒரு வரி இருப்பதே தெரியாது. விருப்பக்குறி இட்ட எண்பது பேரில் எத்தனை பேர் இந்த அபராதத்தைக் கட்டியிருப்பீர்கள்?

எழுத்தில் புகார் கொடுத்தோம். முதல் 118 ரூபாயை "நல்லெண்ண அடிப்படையில்" திருப்பிப் போட்டிருக்கிறார்கள். நல்லெண்ணம்! எங்களுக்கு வேண்டியது விதி. அந்த முதல் அபராதமே தவறு என்றால், அதனால் இருப்பு குறைந்து விழுந்த பின்னிரண்டு அபராதங்களுக்கும் முன்னறிவிப்பு எங்கே என்று கேட்டு, குறைவைக் கணக்கிட்ட நாள்வாரி விவரத்தையும், அறிவிப்புச் செய்தி அனுப்பிய தேதியையும் கோரியிருக்கிறோம். முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் இதே பாணியில் இருந்தால், cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் பதிவுசெய்வோம். அட்டையை உறையோடு திருப்பிக் கொடுத்தாயிற்று.

உங்களில் யாருக்காவது அபராதம் பிடிப்பதற்கு ஒரு மாதம் முன்பாக, உண்மையிலேயே முன்பாக, இருப்பு குறைந்ததாக அறிவிப்புச் செய்தி வந்திருந்தால், கணக்கு எண்ணை மறைத்துவிட்டு அதைப் பின்னூட்டத்தில் இடுங்கள். நண்பரின் வங்கியிலிருந்து வந்ததாக இருந்தால் இன்னும் நல்லது.