குக்கர் பருப்பு இரவு முழுவதும் கெடாதா? உண்மை விளக்கம்

"குக்கரில் வெந்த பருப்பை மூடியைத் திறக்காமல் அடுப்பிலேயே விட்டால் காலை வரை கெடாது, சூடாக்கிச் சாப்பிடலாம்."

சென்னையில் வாட்ஸ்அப் வழியே பரவும் இத்தகவல் தவறானது. ஆவி அடங்கி, குக்கர் ஆறும்போது உள்ளே அழுத்தம் குறைவதால், வெயிட் வால்வு வழியாக வெளிக்காற்று கிருமிகளோடு உள்ளே புகும்; கெட்டியான பருப்போ மூடிய பாத்திரத்தில் மெதுவாகவே ஆறுவதால், அவை பெருகுவதற்கேற்ற வெதுவெதுப்பில் பல மணி நேரம் கிடக்கும். பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் சில வகைகள் உண்டாக்கும், வாந்தியைத் தூண்டும் நச்சு, மறுநாள் கொதிக்கவைத்தாலும் அழியாது. புளித்த வாடை வராததை வைத்து நல்லது என்று முடிவுசெய்யவும் இயலாது.

சமைத்த உணவை அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் 'பாதுகாப்பான உணவுக்கான ஐந்து வழிமுறைகள்' வெளியீட்டில் சரிபார்க்கலாம். மிஞ்சிய பருப்பை அகலமான பாத்திரத்தில் ஆறவைத்து, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். அந்த வாட்ஸ்அப் தகவலை மேலும் பகிர வேண்டாம்.