வெண்டைக்காய் ஊறவைத்த தண்ணீரும் அப்பாவின் சுகரும்

இரண்டு மூன்று பிஞ்சு வெண்டைக்காயைக் கழுவி, காம்பையும் நுனியையும் நறுக்கிவிட்டு, நீளவாக்கில் கீறி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு இரவு மூடி வைக்க வேண்டும். காலையில் காயை லேசாகப் பிழிந்து எடுத்தால் தண்ணீர் முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூல் நூலாக இழுக்கும். அதை வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். வெயில் காலத்தில் வெளியே வைத்தால் சில நாள் புளித்த வாடை வரும், அதைக் கொட்டிவிட வேண்டியதுதான். இதைக் குடித்தால் சுகர் குறையும் என்று நம்பி எங்கள் அப்பா மூன்று மாதமாக இதைத்தான் குடித்தார்.

இதில் விஷயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த வழவழப்பு, தண்ணீரில் கரையும் நார்ச்சத்து. குடலில் அது சாப்பாட்டோடு கலந்து கெட்டியானால் சர்க்கரை ரத்தத்தில் மெதுவாக ஏறும். எலிகளிடம் இது நன்றாகவே தெரிந்திருக்கிறது. மனிதர்களிடம் ஈரானில் சில ஆய்வுகள் நடந்திருக்கின்றன, ஆனால் எல்லாம் சிறியவை, சில வாரங்களே நடந்தவை. சாப்பாட்டுக்கு முந்தைய சுகர் கொஞ்சம் குறைந்ததாக அவற்றில் சில சொல்கின்றன. ஆனால் அங்கே கொடுத்தது பெரும்பாலும் காயவைத்து அரைத்த பொடி. ஊறவைத்த தண்ணீரில் இறங்குவது காயின் ஒரு பங்குதான், மீதி நார் நாம் தூக்கிப் போடும் சக்கையோடு போய்விடுகிறது.

அப்புறம் நேரம். நார் வேலை செய்ய வேண்டுமென்றால் இட்லியோடு சேர்ந்து வயிற்றில் இருக்க வேண்டும். ஆறு மணிக்குத் தண்ணீர், எட்டரைக்கு இட்லி என்றால் இரண்டும் எங்கே சந்திக்கும்? காலை வெறும் வயிற்று சுகரோ, பெரும்பாலும் இரவில் கல்லீரல் வெளியே விடுவது.

அப்பா குளுக்கோமீட்டரில் ஒரு நாள் 149, பத்து நாள் கழித்து 138 பார்த்தார். "குறையுதும்மா" என்று சொல்லி இரவு போடும் சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினை அவராகவே நிறுத்திவிட்டார். சந்தேகப்பட்டு ஒரு காலையில் அடுத்தடுத்து இரண்டு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தேன். முதலில் 151, அடுத்த நிமிடம் 140. வீட்டு மீட்டரில் அவ்வளவு வித்தியாசம் சாதாரணம். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி டெஸ்ட் எடுத்தபோது 7.2 இருந்தது 8.3 ஆகியிருந்தது.

எனக்கு இன்னும் கலக்கமாக இருப்பது வேறொன்று. அப்பா காலை மாத்திரையை அந்தத் தண்ணீரோடுதான் விழுங்கிவந்தார். 2011-இல் வங்கதேச ஆய்வாளர்கள் எலிகளுக்கு வெண்டைக்காய்ச் சாறையும் மெட்ஃபார்மினையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை உறிஞ்சப்படுவது குறைந்தது, கூடவே மாத்திரை உறிஞ்சப்படுவதும் குறைந்தது. எலியில் நடந்தது மனிதரிலும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இதைத் தெரிந்துகொண்டு யாராவது அந்தத் தண்ணீரோடு மாத்திரை போடுவார்களா?

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். இரவு மாத்திரை திரும்ப வந்துவிட்டது. வெண்டைக்காய் இப்போது மதியம் பொரியலாக, சக்கையோடு, குறைத்த சோற்றுக்குப் பக்கத்தில் தட்டில் இருக்கிறது.