படத்தின் மேல் தட்டச்சு செய்யச் சொன்னால் எப்படி?
திருகோணமலை அலுவலகமொன்று அனுப்பிய படிவத்தைத் தட்டச்சு செய்தே அனுப்ப வேண்டுமாம். ஆனால் அது காகிதத்தை ஸ்கேன் செய்த வெறும் படம், எங்கே சொடுக்கினாலும் எழுத இடமில்லை. ஒவ்வொரு விடைக்கும் ஓர் உரைப்பெட்டியை வரைந்து, புள்ளிக்கோட்டின் மேல் இழுத்து வைக்க வேண்டியிருக்கிறது. தாளைச் சரிவாக வைத்து ஸ்கேன் செய்திருப்பதால், பெயரின் முதலெழுத்து கோட்டில் அமர்ந்தால் கடைசி எழுத்து மேலே மிதக்கிறது. அடையாள அட்டை எண்ணுக்கோ 12 கட்டங்கள். இடைவெளி விட்டுவிட்டுத் தட்டினாலும் பாதி வழியில் இலக்கம் கட்டத்தின் கோட்டில் ஏறிவிடுகிறது, ஆகவே இலக்கத்துக்கொரு பெட்டி வரைய வேண்டும். முகவரியில் 'திருகோணமலை' என்று தமிழில் தட்டினால், அந்த மென்பொருளில் 'கோ'வின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. ஊர்ப் பெயரைக்கூட ஒழுங்காக எழுத முடியாதா? கணினியில் அடித்த படிவம்தானே அது, அதை அச்சிட்டு மறுபடி ஸ்கேன் செய்து நம் தலையில் கட்டுவானேன்?